கார்டில் வாப்பாவின் பெயர் இருக்கிறது, நம்முடைய பெயர் எங்கே?



போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு ஒரு தாய் எங்களிடம் வந்து, தன்னுடைய வங்கிக் கார்டை மேசையில் வைத்தார். "டீச்சர், இதில எங்கட பேர் இல்ல. வாப்பாட பேரும் அப்பாட பேரும் மட்டும்தான் இருக்கு. கடையில காட்டினா, இது ஒங்கட வாப்பாட கார்டா என்று கேக்கிறாங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். கார்ட் அவருடையது, கணக்கும் அவருடையது, ஆனால் அவரை உம்மா கூப்பிட்ட பெயர் அதில் ஒரு எழுத்தும் இல்லை.

எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. எந்த வங்கியிலும் இது நடக்கலாம். ஏன் நடக்கிறது, இதனால் எங்கே உண்மையான சிக்கல் வரும், எங்கே வராது, பெயரை எப்படிச் சுருக்கினால் அடையாள அட்டையோடும் பாஸ்போர்ட்டோடும் முட்டாமல் இருக்கும் என்பதைத்தான் எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீளமான பெயர் வைத்தது நம் பெரியவர்களின் பிழை அல்ல. ஆனால் அந்தப் பெயரை எங்கே வெட்டுவது என்ற முடிவை மெஷினிடம் விட்டது நம்முடைய பிழை.

அந்தத் தாயின் உண்மையான பெயரை இங்கே போட மாட்டோம். அதே நீளத்தில், நம் ஊர் வழக்கப்படி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

```
MOHAMED ISMAIL ABDUL CADER FATHIMA RIZNA
```

நம் பக்கத்தில் இது ஆச்சரியமான பெயர் அல்ல. முன்னால் அப்பாவின் பெயர், வாப்பாவின் பெயர், கடைசியில் பிள்ளையின் சொந்தப் பெயர். மாத்தளை, கண்டிப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இதற்கும் முன்னால் 'கெதர' என்று முடியும் வீட்டுப் பெயரும் வரும். எழுத்துகளை எண்ணுங்கள். 35 எழுத்து, இடையில் 5 வெற்றிடம், மொத்தம் 40. மெஷினுக்கு வெற்றிடமும் ஓர் எழுத்துதான்.

வங்கிக் கார்டில் பெயருக்கு உள்ள இடம் அதிகபட்சம் 26. இந்த எண்ணை வங்கி முகாமையாளர் தன் விருப்பத்துக்கு வைக்கவில்லை. கார்டின் பின்பக்கம் கறுப்பாக ஒரு காந்தப் பட்டை இருக்கிறது அல்லவா, அதன் முதல் தடத்தில் மொத்தமாக 79 எழுத்துகள்தான் எழுத முடியும். கார்ட் இலக்கம், முடிவுத் திகதி, வங்கியின் சொந்தக் குறிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவற்றுக்கிடையில் பெயருக்கு 2 முதல் 26 வரை என்று சர்வதேசத் தரத்தில் எழுதி வைத்தார்கள். பிறகு சிப் வந்தது. சிப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பழைய இயந்திரங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக வழக்கமான பெயர்க் கட்டத்தை அதே 26 இல் நிறுத்தினார்கள். இதில் இன்னொரு விடயமும் உண்டு. அந்த முதல் தடத்தின் அமைப்பை உருவாக்கியது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான அயாட்டா. பயணச்சீட்டு வேலையை மெஷினுக்குக் கொடுப்பதற்காகச் செய்தார்கள். ஆகவே வங்கிக் கார்டும் விமான டிக்கெட்டும் ஒரே மாதிரி நம் பெயரை வெட்டுவது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

இப்போது நம் 40 எழுத்துப் பெயரை இடமிருந்து எண்ணி 26 இல் வெட்டுங்கள்.

```
MOHAMED ISMAIL ABDUL CADER
```

சரியாக வாப்பாவின் பெயரோடு முடிகிறது. பாத்திமா ரிஸ்னா முழுவதுமாக வெளியே. மெஷின் பிழை ஒன்றும் காட்டாது, எச்சரிக்கையும் தராது. வலது பக்கத்தில் மிஞ்சியதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சொந்தப் பெயர் முதலில் வரும் நாட்டில் இப்படி வெட்டினால் குடும்பப் பெயரின் வால்தான் போகும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சொந்தப் பெயர் கடைசியில் வரும் நம் நாட்டில் ஆளே போய்விடுவார்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. நம் கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸின் முழுப் பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். ஆங்கிலத்தில் வெற்றிடங்களோடு 57 எழுத்து. அதை 26 இல் வெட்டினால் WARNAKULASURIYA PATABENDIG என்று நிற்கும். சமிந்தவும் இல்லை, வாஸும் இல்லை. ஆனால் ஸ்கோர்போர்டில் அவர் பெயர் எப்படி வந்தது? W P U J C VAAS. முன்னால் உள்ளவற்றை முதலெழுத்தாக்கி, தன் பெயரை முழுதாக வைத்தார்கள். உலகமே ஆளை அடையாளம் கண்டது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

வெளியுலகத்திலும் உண்டு. 2013 இல் ஹவாயில் ஒரு பெண்மணியின் 35 எழுத்துக் குடும்பப் பெயர் அரசாங்க அடையாள அட்டையில் அடங்கவில்லை. கடைசி எழுத்து விடுபட்டது, முதற்பெயர் வரவே இல்லை. அவர் பெயரை மாற்ற மறுத்தார். செய்தி பெரிதானதும் மாநிலம் தன் கட்டங்களை 40 ஆக நீட்டியது. ஓர் அரசாங்கம் தன் அட்டையை நீட்டலாம். ஆனால் உலகம் முழுக்க ஓடும் வங்கிக் கார்டையும் பாஸ்போர்ட்டையும் ஒரு நாடு தனியாக நீட்ட முடியாது. ஆகவே அங்கே நாம்தான் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே சுருக்கலாம், எங்கே சுருக்கக்கூடாது? நாங்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறோம். சில இடங்களில் பெயர் வெறும் பெயர்ப்பலகை. சில இடங்களில் பெயர்தான் சாட்சி.

வங்கிக் கார்டின் மேல் உள்ள பெயர் பெயர்ப்பலகை. கார்ட் யாரோடது என்று பார்க்கிறவருக்குச் சொல்ல மட்டும் அது. உங்களை அடையாளம் காட்டும் ஆவணம் அது அல்ல. கணக்கின் பெயர் வேறு விடயம். அது தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி முழுதாக வங்கியின் பதிவில் இருக்க வேண்டும். கார்ட் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கட்டமாக ஒரு வரிசை இருக்கும், கார்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டிருக்கும். பலர் அதை வெறுமையாக விடுகிறார்கள், அல்லது முழுப் பெயரையும் எழுதத் தொடங்கி, கட்டம் முடிந்த இடத்தில் பேனாவை எடுக்கிறார்கள். அந்தக் கட்டங்களை முதலில் எண்ணுங்கள். சில படிவங்களில் 26 ஐ விடக் குறைவாகவும் இருக்கும். எண்ணிவிட்டு இப்படி எழுதுங்கள்.

```
M I A C FATHIMA RIZNA
```

வெற்றிடங்களோடு 21. தாராளமாக அடங்கும். அடையாள அட்டையில் உள்ள அதே சொற்கள், அதே வரிசை, சொந்தப் பெயர் முழுதாக. இடம் இன்னும் குறைவென்றால் MIAC FATHIMA RIZNA என்று முதலெழுத்துகளைச் சேர்த்து எழுதலாம், அது 18. முதலெழுத்துக்குப் பின் புள்ளி போடாதீர்கள். புள்ளியும் ஓர் இடத்தைத் தின்னும்.

சுருக்கும்போது ஒரு சொல்லை முழுதாக வைக்க வேண்டும், அல்லது முதலெழுத்தாக்க வேண்டும். நடுவழியில் போகக்கூடாது. MOHAMED என்பதை MOHD என்றும் MHD என்றும் MD என்றும் எழுதுவது நம்மிடம் பழக்கம். மனிதர் வாசித்தால் விளங்கும். மெஷினுக்கு MOHD என்பது MOHAMED இன் சுருக்கம் அல்ல, வேறொரு பெயர். ஓர் இடத்தில் MOHD, இன்னோர் இடத்தில் MOHAMMED, மூன்றாம் இடத்தில் MOHAMED என்று எழுதிவைத்தால், ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வந்துவிடும். M என்று மட்டும் எழுதினால் மூன்றோடும் முட்டாது. இதைத்தான் கார்டுக்கு நாங்கள் சிபாரிசு செய்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்குக் கார்டின் படத்தை எடுத்து அனுப்பாதீர்கள். அவர் கார்டில் உள்ள சுருக்கப் பெயரையே போட்டு அனுப்புவார். வங்கிப் புத்தகத்தில் உள்ள கணக்குப் பெயரை எழுத்து மாறாமல் கொடுங்கள். அடையாள அட்டையைக் காட்டிக் கையில் காசு எடுக்கும் முறை என்றால் அட்டையில் உள்ள பெயரேதான். அங்கே பெயர் சாட்சி.

இனிப் பாஸ்போர்ட்டுக்கு வருவோம். படம் உள்ள பக்கத்தின் அடியில் `<` குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். விமான நிலையத்தில் மெஷின் வாசிப்பது அவற்றைத்தான். ஒவ்வொரு வரியும் 44 இடம். முதல் வரியில் முதல் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போகிறது. பெயருக்கு மிச்சம் 39. குடும்பப் பெயர் முதலில், பிறகு `<<`, பிறகு மற்றப் பெயர்கள். சொற்களுக்கிடையில் வெற்றிடத்துக்குப் பதில் `<`. நம் உதாரணப் பெயரில் குடும்பப் பெயர் 26, நடுவில் 2, மற்றப் பெயர் 13. மொத்தம் 41. இரண்டு எழுத்து அதிகம். நேராக வெட்டினால் இப்படி வரும்.

```
MOHAMED<ISMAIL<ABDUL<CADER<<FATHIMA<RIZ
```

ரிஸ்னா RIZ ஆகிவிட்டார். மேலே அச்சிட்ட பெயர் முழுதாக இருக்கலாம், கீழே மெஷினுக்கு இதுதான். சொல்லை முதலெழுத்தாக்கி அடக்கவும் சர்வதேச விதியில் இடமுண்டு. உங்கள் பாஸ்போர்ட்டில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. முதல் வரியின் கடைசி இடத்தைப் பாருங்கள். அது `<` என்று முடிந்தால் பெயர் அடங்கிவிட்டது. எழுத்தில் முடிந்தால், வெட்டப்பட்டிருக்கலாம் என்று அர்த்தம். அப்போது மேலே உள்ள பெயரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்னொன்று: அந்த வரியில் A முதல் Z வரையும் `<` உம் தவிர வேறு குறி பெயருக்குள் வராது. RIFA'I என்று மேற்கோள் குறி போட்டு எழுதுகிறவர் அங்கே RIFAI ஆகிவிடுவார். டிக்கெட்டிலும் அவர் RIFAI என்றே எழுத வேண்டும்.

டிக்கெட்டில் நம் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் வெட்டினால் அல்ல, கட்டத்தை மாற்றி நிரப்பியதால். இணையத்தில் டிக்கெட் போடும்போது First name, Last name என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் பெயரில் கடைசியாக வருவது RIZNA. ஆகவே Last name இல் RIZNA என்று அடித்துவிடுகிறோம். அது பிழை. Last name என்பது கடைசிச் சொல் அல்ல. பாஸ்போர்ட்டில் Surname என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறதோ அதுதான். Other names என்பதன் கீழ் உள்ளது First name கட்டத்துக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு தலைப்புகளைப் பார்த்து அடியுங்கள். ஏஜென்ட் மூலம் போடுகிறவர்கள் பெயரைத் தொலைபேசியில் வாயால் சொல்லாமல், பாஸ்போர்ட் பக்கத்தின் பிரதியைக் கொடுங்கள். உம்றாப் பயணத்துக்குக் குடும்பமாகப் போகும்போது, ஒரே வாப்பாவின் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு விதமாகப் பிரிந்திருக்கும். ஆகவே ஒருவருடையதைப் பார்த்து மற்றவருக்கும் நிரப்ப வேண்டாம்.

டிக்கெட்டில் முதலெழுத்து போடாதீர்கள். M I A C அங்கே செல்லாது. கார்ட் பெயர்ப்பலகை, டிக்கெட் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடப்படும் சாட்சி. பெயர் கட்டத்தில் அடங்கவே இல்லையென்றால், காசு கட்ட முன் விமான நிறுவனத்திடமோ ஏஜென்டிடமோ கேளுங்கள். குடும்பப் பெயரும் மற்றப் பெயர்களில் முதலாவதும் நிற்கும்படி, வாலில் மட்டும் குறைப்பதுதான் பொதுவான வழி. பெயர் திருத்தம் டிக்கெட் வெளியான பிறகு கஷ்டம், சில டிக்கெட்டுகளில் நடக்கவே நடக்காது.

ஆனால் போர்டிங் பாஸைப் பார்த்துப் பதறாதீர்கள். அதில் உள்ள கோட்டுக் குறியீட்டுக்குள் பெயருக்கு 20 இடம்தான். வெற்றிடங்களை எடுத்துவிட்டாலும் நம் உதாரணத்தில் குடும்பப் பெயர் மட்டுமே 23. ஆகவே அங்கே கட்டாயம் வெட்டு விழும். MOHAMEDISMAILABDULCA என்று கண்டால் அது மெஷினின் இடப்பற்றாக்குறை. சொற்கள் ஒட்டி நிற்பதும், FATHIMARIZNAMRS என்று கடைசியில் MRS ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். அந்த MRS பெயரின் பகுதி அல்ல. முக்கியம், முன்பதிவுப் பதிவேட்டிலும் கொடுத்த பாஸ்போர்ட் விபரத்திலும் பெயர் சரியாக இருப்பதுதான். ஆகவே சரிபார்க்க வேண்டியது டிக்கெட் போட்ட அன்று வரும் உறுதிப்படுத்தல் தாளை. விமான நிலையத்தில் கையில் கிடைக்கும் துண்டைப் பார்த்து அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, ஆசிரியர்களாக எங்கள் பங்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நம்மில் பலருடைய பழைய லேமினேட் அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவே இல்லை. பிறப்புச் சான்றிதழும் தமிழிலோ சிங்களத்திலோதான். அப்படியென்றால் நம் பெயரின் ஆங்கில எழுத்தை முதலில் தீர்மானித்தது யார்? பெரும்பாலும் பாடசாலை. வகுப்பாசிரியர் இடாப்பில் எழுதினார், அது பரீட்சை விண்ணப்பத்துக்குப் போனது, சான்றிதழில் வந்தது. வங்கியில் இன்னொரு உத்தியோகத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் மூன்றாவது விதமாக எழுதினார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுடன் படித்த ஒருவருக்கு, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இரண்டு ஸ்பெல்லிங். சம்பளக் கணக்கைத் திறக்க அவர் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வந்தது. சமாதான நீதவானிடம் முடிக்கும் சத்தியக்கடதாசி உள்ளூர்க் காரியங்களுக்கு உதவும். விமான நிலைய மெஷின் சத்தியக்கடதாசி வாசிக்காது.

பிள்ளைகளுக்கு 15 வயதாகும்போது அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை அதிபர் ஊடாகத்தான் போகிறது. அதுதான் சரியான நேரம். எங்கள் வகுப்பில் இந்த வருடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு தாளைக் கொடுத்திருக்கிறோம். அதில் மூன்று வரி. முதல் வரியில் பிறப்புச் சான்றிதழில் உள்ள முழுப் பெயர், எல்லாச் சொல்லும், ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒரே ஸ்பெல்லிங். வீட்டில் யாருக்காவது பாஸ்போர்ட் இருந்தால் வாப்பாவின் பெயருக்கு அதில் உள்ள எழுத்தையே எடுக்க வேண்டும். இரண்டாம் வரியில் எது குடும்பப் பெயர், எது மற்றப் பெயர் என்று ஒரு கோடு. மூன்றாம் வரியில் 26 க்குள் அடங்கும் சுருக்கம். பெற்றோர் பார்த்துக் கையொப்பமிட்டு வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். இனி எந்தப் படிவம் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்தே எழுத வேண்டும்.

பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால், அதில் உள்ள எழுத்துதான் தலைமை. அது உங்களுக்குப் பிடிக்காத ஸ்பெல்லிங்காக இருந்தாலும் மற்றவற்றை அதற்கு ஏற்பச் சரிசெய்வது, பாஸ்போர்ட்டை மாற்றி விசா, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கலைப்பதைவிட இலேசு. அடையாள அட்டையில் ஒரு சொல்லே விடுபட்டிருந்தால் அது வேறு விடயம். அதைச் சுருக்கம் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. கிராம உத்தியோகத்தர் ஊடாகத் திருத்தத்துக்குப் போக வேண்டும்.

பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குப் பெயரைக் குறைக்கச் சொல்கிறோமா? இல்லை. அப்பாவின் பெயரைச் சுமப்பது நமக்குப் பெருமை. ஆனால் பதிவாளரிடம் போக முன் ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். வெற்றிடங்களோடு 38 ஐத் தாண்டாவிட்டால் பாஸ்போர்ட் வரியில் முழுதாக அடங்கும். தாண்டினால் தாண்டட்டும், தெரிந்து தாண்டுங்கள்.

அந்தத் தாய் புதிய கார்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். படிவத்தில் கட்டங்களை அவரே எண்ணி, முதலெழுத்து நான்கும் போட்டு, தன் பெயரை முழுதாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டார். ஓம், இவ்வளவுதான். முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம். அதனால்தான் இதை இங்கே எழுதினோம்.